கருமமும் கர்மாவும்

ஆடி அமாவாசையன்று இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் 'கருமம்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். "அப்பாவுக்குக் கருமம் பண்ணணும்" என்று ஒரு குடும்பம் புரோகிதரைத் தேடும். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர் "கருமம், கருமம்" என்று தலையில் அடித்துக்கொள்வார். வரிசையில் இடித்து முந்தியவன் வழுக்கி விழுந்தால், ஆங்கிலம் பேசும் பயணி 'கர்மா' என்று சிரிப்பார்.

சமஸ்கிருதத்தில் 'க்ரு' என்றால் செய். அதிலிருந்து வந்த கர்மத்துக்குச் செயல் என்பதே அடிப்படைப் பொருள். வேள்வி நூல்களில் அது சடங்கைக் குறித்தது. நம் கருமாதி அந்தக் கிளை. "தத்தம் கருமமே கட்டளைக்கல்" என்ற குறளில் வெறும் செயல்தான். செயலின் விளைவுக்கோ கர்மபலன் என்று தனிச் சொல் இருந்தது. அந்தப் பலனும் அடுத்த பிறவிவரை காத்திருக்கலாம். ஆங்கிலக் கர்மா, செயலை விட்டுவிட்டுப் பலனை மட்டும், அதுவும் உடனடியாக, எடுத்துக்கொண்டது.

இதை ஆங்கிலேயரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. செய்ததன் பெயர் விளைந்ததற்கு ஆகிவருவது நம்மிடமும் உண்டு. 'வினை' என்றால் செயல்; "வினையாப் போச்சு" என்னும்போது அது கேடு. ஆனால் தமிழுக்குக் கர்மம் தனியாக வரவில்லை. கர்த்தா, கிரியை, காரியம் என்று அதே வேரின் உறவுகளும் கூடவே வந்தன. பதினாறாம் நாள் சடங்கைக் 'காரியம்' என்கிறோமே, அதுவும் இந்த வேர்தான். சுற்றிலும் உறவுகள் இருப்பதால், சொல் செயலோடு ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை.

யோகம் இதைவிட வேடிக்கை. இணைப்பது என்னும் பொருளுள்ள அந்த வேருக்கும், நுகத்தடியைக் குறிக்கும் ஆங்கில 'யோக்'குக்கும் மூலம் ஒன்றே. பதஞ்சலி அதை மனத்தின் அலைவுகளை அடக்குவது என்றார். ஏறத்தாழ 195 சூத்திரங்களில் ஆசனத்தை நேராகப் பேசுபவை மூன்றுதான். ஆங்கிலம் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டது. நாம் என்ன செய்தோம்? கிரகச் சேர்க்கையைக் குறித்த சோதிடப் பொருளைப் பிடித்து, "அவனுக்கு யோகம் அடிச்சிருக்கு" என்று அதிர்ஷ்டமாக்கிவிட்டோம்.

குருவுக்கு மூலப்பொருள் கனமானது என்பதே. இன்று ஆங்கிலத்தில் பங்குச்சந்தை ஆலோசகரும் குரு.

தர்மம்தான் எல்லாருக்கும் சிக்கல். கோயில் தெருவில் "தர்மம் போடுங்க சாமி" என்றால் அது பிச்சை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் புத்தரின் போதனை. தாங்கிப் பிடிப்பது என்ற வேர்ப்பொருள் இரண்டிலும் மங்கிவிட்டது. அசோகர் காலத்திலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிட்டது. 1958இல் கந்தகாரில் கிடைத்த அவருடைய இருமொழிக் கல்வெட்டில், தர்மம் என்று வரவேண்டிய இடத்தில் கிரேக்கப் பகுதி இறைபக்தி என்கிறது. அதே பாறையின் அரமேயப் பகுதியோ உண்மை என்கிறது.