நேர்மாறு அணி: முதல் ஊகத்தைச் சோதித்த பிறகே சுழற்சியை ஓட்டுங்கள்

ஜிபியுவில் அணிப்பெருக்கல் மிக வேகமாக நடக்கும். நீக்கல் முறையில் நேர்மாறு காண்பது அந்த அளவுக்கு அதில் ஓடாது. அதனால் வெறும் பெருக்கல்களாலேயே நேர்மாறை நெருங்கும் பழைய முறை ஒன்றை என் வேலையில் அடிக்கடி பயன்படுத்துகிறேன். 1933-இல் ஷுல்ட்ஸ் வெளியிட்ட முறை அது:

```
X_new = X (2I − A X)
```

கையில் உள்ள ஊகம் X எவ்வளவு தவறு என்பதை R = I − AX என்ற எச்சம் சொல்லும். மேலே உள்ள வரியை A-ஆல் பெருக்கிப் பார்த்தால், புதிய எச்சம் பழைய எச்சத்தின் வர்க்கம் என்று தெரியும். இந்த முறையின் பலமும் ஆபத்தும் இந்த ஒரே உண்மையில்தான் இருக்கின்றன. R-இன் ஐகென் மதிப்புகள் எல்லாம் அளவில் 1-க்குக் கீழே இருந்தால் வர்க்கமாக்க வர்க்கமாக்க அவை மறைந்துவிடும். ஒன்றே ஒன்று 1-ஐத் தாண்டினாலும் அதே வேகத்தில் எல்லாம் வெடித்துச் சிதறும். அதாவது, முறை பலிக்குமா என்பதை முதல் ஊகமே தீர்மானித்துவிடுகிறது.

இதை நான் கற்றது ஒரு தோல்வியில். மாதக்கணக்கில் நன்றாக ஓடிய நிரல் அது. அதன் அணிகள் சமச்சீரானவை, ஐகென் மதிப்புகள் எல்லாம் நேர்மம். அதனால் அலகு அணியை ஒரு சிறு எண்ணால் பெருக்கி முதல் ஊகமாகக் கொடுத்திருந்தேன். பிறகு கணக்கில் ஒரு கட்டுப்பாட்டுச் சமன்பாடு சேர்ந்தது. அன்றே விடை முழுக்க `nan`. தரவில் பிழை இருக்கும் என்று இரண்டு நாள் தேடினேன். தரவில் ஒன்றுமில்லை. கட்டுப்பாடு சேர்ந்ததும் அணிக்கு எதிர்ம ஐகென் மதிப்பும் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நடந்ததைச் சிறிய அணியில் காட்டுகிறேன். A = [[1, 2], [2, 1]] என்க. ஐகென் மதிப்புகள் 3, −1. முதல் ஊகம் cI என்றால் எச்சத்தின் ஐகென் மதிப்புகள் 1 − 3c, 1 + c. c நேர்மமானால் இரண்டாவது 1-ஐத் தாண்டும்; எதிர்மமானால் முதலாவது தாண்டும். ஆக, எந்த c-யும் உதவாது. c = 1/3 என்று வைத்தால் எச்சம் 1.33, 1.78, 3.16, 9.99, 99.8 என்று ஏறி, ஏழாவது சுற்றில் 10¹⁶-ஐ நெருங்கி, பன்னிரண்டாவதில் இரட்டைத் துல்லிய எண்ணின் எல்லையையே கடந்துவிடும். தொடக்கத்தில் 1.33 என்பது பார்வைக்குச் சாதுவாக இருப்பதுதான் ஏமாற்று.

இதற்கு மருந்து, அலகு அணிக்குப் பதில் A-இன் நிரை நிரல் மாற்று அணியிலிருந்து தொடங்குவது. A-ஐயும் அதன் மாற்று அணியையும் பெருக்கினால், A-க்கு நேர்மாறு இருக்கும்வரை, ஐகென் மதிப்புகள் எல்லாம் நேர்மமாகவே வரும். அவற்றில் மிகப் பெரியதும் ஓர் எல்லையைத் தாண்டாது: உறுப்புகளின் குறியை விட்டுவிட்டு நிரல்வாரியாகக் கூட்டியதில் பெரியதையும், நிரைவாரியாகக் கூட்டியதில் பெரியதையும் பெருக்கினால் வருவதே அந்த எல்லை. அதனால் வகுத்துவிட்டால் எச்சத்தின் ஐகென் மதிப்புகள் 0-க்கும் 1-க்கும் இடையில் அடங்கிவிடும்.

```python
c = abs(A).sum(axis=0).max() * abs(A).sum(axis=1).max()
X = A.T / c
for k in range(60):
    R = np.eye(len(A)) - A @ X
    if np.linalg.norm(R) < 1e-10: break
    X = X + X @ R
```

நம் அணிக்கு c = 3 × 3 = 9. எச்சம் 0.889, 0.790, 0.624, 0.390, 0.152, 0.023, 0.0005 என்று இறங்கி, எட்டாவது சுற்றில் 10⁻¹³ அளவுக்கு வந்துவிடுகிறது.

இந்த வரிசையின் முதல் மூன்று எண்களைக் கவனியுங்கள். அசைவே இல்லாதது போல இருக்கும். அணியின் நிலை எண் 1000 என்றால், எச்சம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்குவதற்கே 20 சுற்று ஆகலாம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எச்சத்தைப் பார்ப்பதைவிட, அதன் மிகப் பெரிய ஐகென் மதிப்பு 1-லிருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது நல்லது. அந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிக்கும்: இங்கே 0.111, 0.210, 0.376. இரட்டித்துக்கொண்டிருந்தால் காத்திருங்கள். இடைவெளி பூஜ்யத்திலேயே நின்றால் அணிக்கு நேர்மாறே இல்லை. எத்தனை சுற்று ஓட்டினாலும் எச்சம் 1-ஐ விட்டு நகராது.

மேலே நிரலில் உள்ள `norm`, உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது. பெரிய அணிகளில் அது தொடக்கத்தில் 1-க்கு மேல் நிற்கலாம். பயப்பட வேண்டாம், இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் 1-க்குக் கீழே வந்துவிட்டால் குவிவது உறுதி. இதனால், A கொஞ்சம் மட்டும் மாறும் கணக்குகளில் நேற்றைய நேர்மாறையே இன்றைய ஊகமாகக் கொடுத்து, `norm` 1-க்குக் கீழே இருந்தால் அதிலிருந்தே தொடர்கிறேன். இல்லாவிட்டால் யோசிக்காமல் `A.T / c`-க்குத் திரும்பிவிடுகிறேன்.