ஒரு பத்திக்குள் எத்தனை காட்சி? சிறுகதையைத் திரைக்கதைப் பிரதியாக்கும்போது கவனிக்க வேண்டியவை

புதுச்சேரியிலும் கடலூரிலும் குறும்படம் எடுக்கிறவர்களின் திரைக்கதைகளைப் படப்பிடிப்புக்கு முன் படித்துச் சீர்செய்து கொடுப்பது என் வேலை. அவற்றில் பல, சிறுகதையிலிருந்து பிறந்தவை. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்: காட்சித் தலைப்பு, அதன் கீழே செயல் வரிகள், நடுவில் வசனம். உட்கார்ந்து படித்தால் பழைய சிறுகதை அப்படியே இருப்பது தெரியும். இடையிடையே தலைப்பைச் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பிரதியை நம்பி ஷெட்யூல் போட்டால், எது விடுபட்டது என்று லொக்கேஷனில் போய் நின்ற பிறகுதான் தெரியவரும்.

மூன்று பகுதிகளையும் மூன்று விதமான ஆட்கள் படிக்கிறார்கள். காட்சித் தலைப்பைப் படிப்பவர் ஷெட்யூல் போடும் உதவி இயக்குநர். உள்ளா வெளியா, எந்த இடம், எந்த வேளை என்ற மூன்றையும் வைத்துத்தான் எந்தக் காட்சிகளை ஒரே நாளில் சேர்த்து எடுப்பது என்று அவர் முடிவு செய்கிறார். செயல் வரியைக் கேமராக்காரரும் கலைத்துறையும் படிக்கிறார்கள். வசனம் நடிகருக்கும் ஒலிப்பதிவாளருக்கும். ஆகவே இடமோ வேளையோ மாறினால் புதுத் தலைப்பு போட வேண்டும். இந்த விதி எல்லாருக்கும் தெரியும். ஆனால் தமிழ்ச் சிறுகதை வாக்கியத்தில் இடம் எப்போது மாறியது என்பதே பலர் கண்ணில் படுவதில்லை.

இதை விளக்கவென்றே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். கதை நடப்பது கடலூர் முதுநகரில்.

"மழை விட்டு மூன்று நாளாகியும் அஞ்சலை வாசல் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் வட்டிக்காரர் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்வி வந்து, அவர் ஊரிலேயே இல்லை, சிதம்பரம் போய்விட்டார் என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைத்தாள். மறுநாள் விடியுமுன் எழுந்து, கூடையைக் கழுவி, துறைமுகம் போய், ஏலக் கூட்டத்தில் முண்டியடித்து நின்றாள்."

நான்கே வாக்கியம். முதல் வாக்கியம் ஒரு எதிர்மறை: திறக்கவில்லை. நடக்காத ஒன்றைக் கேமரா எடுக்க முடியாது. மூன்று நாளையும் எடுக்க முடியாது. "மூன்று நாளாகக் கதவு மூடியே இருக்கிறது" என்று செயல் வரி எழுதினால், திரையில் தெரியப்போவது ஒரு மூடிய கதவு மட்டும்தான். மூன்று நாள் என்பதற்கு ஒரு தடயம் வேண்டும். அந்தத் தெருவில் தடயம் கையருகிலேயே இருக்கிறது. மற்ற வாசல்களில் அன்று காலை போட்ட கோலம். அஞ்சலை வாசலில் மட்டும் மழை அடித்துக்கொண்டு வந்த சேறு, காய்ந்து வெடித்துப்போய், ஒரு காலடித் தடம்கூட இல்லாமல். இப்படி எழுதினால் கலை இயக்குநருக்கு என்ன தயார் செய்ய வேண்டும் என்று தெரியும். பார்வையாளருக்கும் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். இதற்கு ஒரு தலைப்பு: வெளி, முதுநகர் தெரு, காலை. கதையில் காலையும் இல்லை, தெருவும் இல்லை. வடிவத்துக்குள் கொண்டுவரும்போது நாம்தான் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இரண்டாவது வாக்கியம் அதைவிடச் சிக்கலானது. செயல் வரியை நிகழ்காலத்தில் எழுத வேண்டும் என்பதால் புதியவர்கள் "நின்றாள்" என்பதை "நிற்கிறாள்" என்று மாற்றிக்கொண்டே போவார்கள். "அவளுக்குத் தெரியும்" என்பதில் மாற்ற எதுவும் இல்லை; அதனால் அது அப்படியே பிரதிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நான் திருத்தும் பிரதிகளில் அதிகம் அடிக்கும் வரிகள் இவைதான்: தெரியும், புரிகிறது, நினைவுக்கு வருகிறது, மனம் கனக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "எப்படித் தெரியும்?" என்று எழுதி அனுப்புவேன். அஞ்சலையின் பயத்தைக் காட்ட ஒரு சத்தம் போதும். வெளியே பைக் வந்து நிற்கிறது. அவள் டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டு, கையில் கரண்டியோடு அசையாமல் நிற்கிறாள். பைக் கிளம்பிப் போன பிறகே கரண்டி மறுபடி அசைகிறது. வந்தது யார் என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து வரும் செல்வியின் பேச்சு சொல்லிவிடும்.

மூன்றாவது வாக்கியத்தில் வசனம் "என்று சொன்ன பிறகு" என்பதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்து எடுக்கும்போது பலர் "அவர் ஊரிலேயே இல்லை, சிதம்பரம் போய்விட்டார்" என்று எழுத்துநடையிலேயே செல்வி வாயில் போட்டுவிடுவார்கள். கதாசிரியரின் குரலில் இருந்ததைச் செல்வியின் குரலுக்கு மாற்ற வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதையில் செல்வி சொன்னதும் அஞ்சலை நம்பிவிடுகிறாள். மூன்று நாள் பயந்து கிடந்தவள் ஒரு வார்த்தையில் எப்படிக் கதவைத் திறப்பாள்? கதையில் கடந்து போய்விடலாம். நடிகை செட்டில் கேட்பார். இடையில் ஒரு கேள்வியும் ஒரு சாட்சியும் தேவைப்படுகிறது.

மேலே சொன்ன பைக் சத்தத்தை அடுத்து இதே காட்சி எப்படித் தொடரும் என்று பாருங்கள். எழுதியிருப்பது ஃபவுண்டன் என்ற எளிய எழுத்துமுறையில். சாதாரண எழுத்துக் கோப்பாகவே அடிக்கலாம். அதைப் படிக்கும் செயலிகள் வசனத்தையும் தலைப்பையும் தாமே உரிய இடத்துக்குத் தள்ளி அமைத்துக்கொள்ளும்.

```
.உள். அஞ்சலை வீடு, முன்னறை - மாலை

கதவை யாரோ தட்டுகிறார்கள். அஞ்சலை நகரவில்லை.

@செல்வி (கதவுக்கு வெளியே)
அஞ்சலக்கா, கதவத் தொற. அவரு ஊர்லயே இல்ல.

@அஞ்சலை
(கிசுகிசுப்பாக)
யாரு சொன்னா?

@செல்வி (கதவுக்கு வெளியே)
செதம்பரம் பஸ்ல ஏறுனத நானே பாத்தேங்க்கா.

அஞ்சலையின் கை தாழ்ப்பாளில் விழுகிறது.
```

தலைப்புக்கு முன் இருக்கும் புள்ளியும் பெயருக்கு முன் இருக்கும் `@` குறியும் தமிழில் எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாதவை. ஆங்கிலத்தில் `INT.` அல்லது `EXT.` என்று வரி தொடங்கினால் அது தலைப்பு என்றும், முழுதும் பெரிய எழுத்தில் இருந்தால் அது பேசுபவரின் பெயர் என்றும் செயலி கண்டுகொள்ளும். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. குறி போடாமல் "செல்வி" என்று அடித்தால் அதையும் அதன் கீழுள்ள வசனத்தையும் செயல் வரி என்றே எடுத்துக்கொள்ளும். வசனம் நடுவுக்கு நகராமல் இடது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் இந்தக் குறியைப் பாருங்கள். அடுத்ததாக, பெயருக்கும் வசனத்துக்கும் இடையே வெற்று வரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்தால் வசனம் தனியே கழன்றுவிடும். பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு வெற்று வரி வேண்டும்.

"கதவுக்கு வெளியே" என்று போட்டதற்கும் காரணம் உண்டு. நம் பிரதிகளில் பொதுவாக "செல்வி குரல்" என்று மட்டும் எழுதுவார்கள். அதை இரண்டு விதமாகப் படிக்கலாம். செல்வி அதே இடத்தில், கேமராவுக்குத் தெரியாமல் நின்று பேசுகிறாள் என்றால் அந்த நடிகை அன்று செட்டுக்கு வர வேண்டும். காட்சிக்கு மேலே ஒலிக்கும் பின்னணிக் குரல் என்றால் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். "குரல்" என்று மட்டும் எழுதிய ஒரு பிரதியை வைத்து நடிகையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிரில் ஆள் இல்லாமல், உதவி இயக்குநர் படித்துக் காட்டிய வசனத்துக்கு இன்னொருவர் பதில் சொல்லி நடித்ததைப் பார்த்திருக்கிறேன். காட்சி உயிரில்லாமல் போனது.

அடைப்புக்குறிக்குள் "கிசுகிசுப்பாக" என்று போட்டிருப்பது, வெளியே கேட்டுவிடக் கூடாது என்ற பயம் அந்தக் கேள்வியிலிருந்து மட்டும் தெரியாது என்பதற்காக. சோகமாக, கோபமாக என்று ஒவ்வொரு வசனத்துக்கும் போடத் தேவையில்லை.

இனி நான்காவது வாக்கியம். தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். எழுந்து, கழுவி, போய், நின்றாள். படிக்க ஒரே ஓட்டம். ஒவ்வொரு வினையெச்சத்திலும் நிறுத்தி "இப்போது எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுந்தது வீட்டுக்குள். கழுவியது கொல்லையில். போனது வழியில். நின்றது துறைமுகத்தில். ஒரு வாக்கியத்துக்குள் நான்கு இடம். வழியைக் காட்டாமல் விட்டாலும் மூன்று தலைப்பு வரும். நான் பார்த்த பிரதிகளில் இதை ஒரே தலைப்பின் கீழ் "துறைமுகம், விடியல்" என்று போட்டுவிடுகிறார்கள். கொல்லையும் கூடையும் ஷெட்யூலில் காணாமல் போய்விடும்.

மூன்று தலைப்பாகப் பிரித்துவிட்டால் எது செலவு என்பதும் தெரிய ஆரம்பிக்கும். வீட்டுக்குள் விடியுமுன் எழும் காட்சியை, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிப் பட்டப்பகலில்கூட எடுத்துவிடலாம். துறைமுகத்தில் அது நடக்காது. அந்த மங்கிய வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அனுமதி வாங்க வேண்டும். ஏலக் கூட்டம் நாம் இன்னொரு டேக் எடுப்பதற்காக மறுபடி கூடாது. கதையில் துறைமுகம் வேறெங்கும் வரவில்லையென்றால், கொல்லையில் அவள் கூடையைக் கழுவிக் கவிழ்க்கும் இடத்திலேயே முடிக்க முடியுமா என்று இயக்குநரிடம் கேட்பேன். மூன்று நாளாகத் தொடாத கூடையை அவள் தேய்த்துக் கழுவுவதிலேயே மறுநாள் வேலைக்குப் போகிறாள் என்பது வந்துவிடுகிறது. துறைமுகம் பின்னால் வருகிறது என்றால் தலைப்பில் இடப்பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒரு காட்சியில் "துறைமுகம்", இன்னொன்றில் "ஹார்பர்", மூன்றாவதில் "ஏலக்கூடம்" என்று இருந்தால், தலைப்புகளைப் பிரித்து அடுக்கும்போது அவை மூன்று லொக்கேஷனாக விழும்.

நீளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் என்பது திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கணக்கைப் பலர் தமிழ்ப் பிரதிக்கும் போடுகிறார்கள். அந்தக் கணக்கு, எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், நிர்ணயித்த ஓரங்களோடு அடித்த ஆங்கிலப் பக்கத்துக்கு உருவானது. அங்கேயும் சராசரியாகத்தான் பொருந்தும். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறு, எழுத்துருவுக்கு எழுத்துரு பக்க எண்ணிக்கையும் மாறும். இடப்பக்கம் செயலும் வலப்பக்கம் வசனமுமாக இரு பத்தியில் எழுதுவது நம் சினிமாவில் பழக்கமான முறை. அதில் இந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது. வசனத்தைச் சத்தமாகப் படித்து, செயலை நடித்துப் பார்த்து, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் நேரத்தைக் குறித்து அனுப்பச் சொல்கிறேன். பைக் வந்து நின்று கிளம்பிப் போகும் வரிகள் தாளில் மூன்று வரிதான். அஞ்சலை கரண்டியோடு நிற்கும் நேரத்தையும் சேர்த்து நடித்துப் பார்த்தால் அரை நிமிடத்தைத் தாண்டும்.