வார்டை விட்டு எது வெளியே போகலாம்? கிளினிக்கல் பயிற்சியில் நோயாளி தகவல் பற்றிய விதிகள்

கிளினிக்கல் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவர், ஒரே நோயாளியைப் பற்றி ஒரே ஷிப்டில் மூன்று இடங்களில் எழுதுகிறார். முதலாவது கேஸ் ஷீட். இரண்டாவது, ஹேண்டோவரின்போது குறித்துக்கொண்டு பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் சீட்டு. மூன்றாவது, கல்லூரியில் கொடுக்க வேண்டிய கேர் பிளான். எழுதப்படும் ஆள் ஒருவர்தான், ஆனால் மூன்றுக்கும் விதி ஒன்றல்ல. கேஸ் ஷீட்டில் பெயர் இருந்தே ஆக வேண்டும். கேர் பிளானில் இருக்கவே கூடாது. சீட்டு வார்டுக்குள் பிறந்து வார்டுக்குள்ளேயே அழிய வேண்டும்.

இந்தக் கடமை மாணவருக்கும் சேர்த்துத்தான். சர்வதேச செவிலியர் மன்றம் 1953இல் ஏற்று, கடைசியாக 2021இல் திருத்திய நெறிமுறை, நோயாளியின் தகவலைச் சேகரிப்பது, பார்ப்பது, பகிர்வது, பாதுகாப்பது எல்லாவற்றிலும் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. அதற்கு மேல் அந்தந்த நாட்டுச் சட்டமும், பயிற்சி நடக்கும் மருத்துவமனையின் விதியும் உண்டு. இவற்றில் எது கடுமையாக இருக்கிறதோ அதன்படி நடப்பதுதான் மாணவருக்குப் பாதுகாப்பு.

ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இவர் உதாரணத்துக்காக நான் அமைத்தவர். 91 வயதுப் பெண்மணி, ஓய்வுபெற்ற நீதிபதி. பொது விழா ஒன்றின் மேடைப் படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. 12ஆம் தேதி அறுவை சிகிச்சை. இன்று 14ஆம் தேதி. கட்டில் எண் 7.

கேஸ் ஷீட்: முழு விவரம், சரியான நேரம்

பிற்பகல் 2.20க்கு வலி எவ்வளவு என்று கேட்கிறீர்கள். பத்துக்கு ஆறு என்கிறார். மேற்பார்வை நர்ஸ் கூடவே இருக்க, மருத்துவர் எழுதிவைத்த வலி மாத்திரையை 2.30க்குக் கொடுக்கிறீர்கள். 3.30க்கு மறுபடி கேட்டால் பத்துக்கு மூன்று. இந்த மூன்றும் மூன்று தனிப் பதிவுகள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், உங்கள் பெயர், நீங்கள் மாணவர் என்ற குறிப்பு இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் எதிர்க்கையொப்பம் வேண்டுமா என்பதை அந்த மருத்துவமனையின் விதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் அது கட்டாயம்.

மருந்து கொடுத்த பிறகுதான் எழுத வேண்டும். வேலை குவியும்போது முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றும். நோயாளி மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ, வாந்தி எடுத்துவிட்டாலோ, நடக்காத ஒன்று நடந்ததாகப் பதிவாகிவிடும். அடுத்த ஷிப்ட் நர்ஸ் அதை நம்பி அடுத்த வேளை மருந்தைத் தள்ளிப்போடுவார். எழுத மறந்து 4.10க்குத்தான் ஞாபகம் வருகிறதா? அப்போது 4.10 என்றே நேரம் போட்டு, தாமதப் பதிவு என்று குறித்து, 2.30க்கு மாத்திரை கொடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். வரிகளுக்கு நடுவே நுழைத்து எழுதுவது, மாற்றி எழுதியதுபோலத் தெரியும்.

நாடித்துடிப்பு 84 என்பதை 48 என்று எழுதிவிட்டால்? அதன் மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள். பழைய எண் கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் பிழை என்று குறித்து, சுருக்கொப்பமும் தேதியும் நேரமும் போட்டு, 84 என்று எழுதுங்கள். வெள்ளை மை கூடாது, அடித்து மறைப்பதும் கூடாது. இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், அந்த 48ஐ யாராவது ஏற்கனவே பார்த்து, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தை நிறுத்தி வைத்திருக்கலாம். பழைய எண் மறைந்துவிட்டால் அந்த முடிவு எதனால் வந்தது என்று பின்னால் யாருக்கும் புரியாது. அதனால் கோடு போட்டதோடு நிற்காமல், வார்டு நர்ஸிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

கணினிப் பதிவாக இருந்தால் உங்கள் லாகினில் மட்டும் எழுதுங்கள். அவசரத்தில் இன்னொருவர் திறந்து வைத்த திரையில் எழுதினால், நீங்கள் செய்த வேலை அவர் பெயரில் ஏறும். யார், எந்தப் பதிவை, எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதை இத்தகைய மென்பொருள்கள் தாமாகவே குறித்துவைக்கும். உங்களுக்கு ஒதுக்காத நோயாளியின் பதிவைத் திறப்பதும் விதிமீறல்தான். அவர் உங்கள் உறவினராக இருந்தாலும், அக்கறையோடு பார்த்தாலும், படித்ததை யாரிடமும் சொல்லாவிட்டாலும் அப்படித்தான்.

இன்னொன்று. "உன்கிட்ட மட்டும் சொல்றேன், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று நோயாளி பேச்சைத் தொடங்கும்போது, சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிகிச்சைக்குத் தேவையானது என்றால் பார்த்துக்கொள்ளும் குழுவிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று முதலிலேயே மென்மையாகச் சொல்லுங்கள். அவர் இரண்டு நாளாக மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்றாலோ, உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்றாலோ, அதை மறைத்து வைப்பது அவரையே ஆபத்தில் தள்ளும். அந்தரங்கம் காப்பது என்றால் சிகிச்சைக் குழுவிடமிருந்து மறைப்பது என்று பொருள் இல்லை.

பாக்கெட்டில் இருக்கும் சீட்டு

சீட்டு இல்லாமல் யாராலும் ஒரு ஷிப்டை ஓட்ட முடியாது. ஆனால் அதில் பெயர் வேண்டாம். கட்டில் எண், செய்ய வேண்டிய வேலை, நேரம் போதும். "7: 2.30 மாத்திரை, 3.30 வலி கேட்க" என்றிருந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நோயாளிகள் கட்டில் மாறுவார்கள். காலையில் 7இல் இருந்தவர் மதியம் 3க்குப் போயிருப்பார். எனவே சீட்டு ஞாபகத்துக்கு மட்டும்தான். மருந்து கையில் இருக்கும்போது சீட்டைப் பார்த்து ஆளை முடிவு செய்யக் கூடாது. பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, மணிக்கட்டுப் பட்டையில் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

சில வார்டுகளில் எல்லா நோயாளிகளின் பெயரும் நோயும் அச்சிட்ட ஹேண்டோவர் தாளையே கையில் கொடுப்பார்கள். அதுதான் அதிகம் கவனிக்க வேண்டிய தாள், ஏனென்றால் அது தொலைந்தால் ஒருவர் விஷயம் அல்ல, ஒரு வார்டே வெளியே போகிறது. வார்டுக் கதவைத் தாண்டும் முன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, ரகசியத் தாள்களுக்கான பெட்டியிலோ கிழிப்பான் இயந்திரத்திலோ போட்டுவிடுங்கள். சாதாரணக் குப்பைக்கூடை அதற்கான இடம் அல்ல. நான் மாணவர்களை இதைச் சட்டையைக் கழற்றும்போது அல்ல, கடைசியாகக் கை கழுவும்போது செய்யச் சொல்வேன். சட்டையைக் கழற்றும்போது பெரும்பாலும் வீட்டுக்கே போயிருப்பீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகு பாக்கெட்டில் தாள் கிடைத்தால், அல்லது வழியில் தொலைந்தது தெரிந்தால், உடனே வார்டு பொறுப்பாளருக்கும் உங்கள் கிளினிக்கல் பயிற்றுநருக்கும் சொல்லுங்கள். அதில் எத்தனை பேர் விவரம் இருந்தது, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தயங்கும் நேரத்தால் நிறுவனத்துக்குத்தான் நெருக்கடி. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில், பாதிப்பு வரக்கூடிய தகவல் கசிவு நிறுவனத்துக்குத் தெரியவந்தால், 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். நீங்களே கிழித்துப்போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், அது பின்னால் தெரியவரும்போது தவறு இரண்டாகிவிடும்.

கேர் பிளான்: பெயரை எடுத்தால் மட்டும் போதாது

நம் நீதிபதி அம்மாவைப் பற்றி ஒரு மாணவர் இப்படித் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "க.ம., 91 வயது, ஓய்வுபெற்ற நீதிபதி, விழா மேடையில் தவறி விழுந்து, 12ஆம் தேதி இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்." பெயர் இல்லை. ஆனாலும் வகுப்பில் இதைக் கேட்கும் யாரும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். விழாவில் விழுந்தது செய்தியில்கூட வந்திருக்கலாம்.

ஒவ்வொன்றாக எடுப்போம். தலைப்பெழுத்து வேண்டாம், "நோயாளி அ" போதும். எந்த எழுத்து யாருக்கு என்ற பட்டியலை வீட்டில் வைத்திருந்தால் மறைத்ததற்குப் பயனே இல்லை. வயதை "90 அல்லது அதற்கு மேல்" என்று எழுதுங்கள். அவ்வளவு வயதானவர்கள் சிலரே என்பதால், நோயாளி தகவலின் அந்தரங்கம் பற்றிய அமெரிக்காவின் ஹிப்பா விதியும் அடையாளம் நீக்கும்போது 89க்கு மேற்பட்ட வயதுகளை ஒரே பிரிவாக்கச் சொல்கிறது. அதே விதி தேதிகளில் ஆண்டைத் தவிர மற்றவற்றை நீக்கச் சொல்கிறது. அதனால் 12ஆம் தேதி என்பது போய், "அறுவை சிகிச்சைக்குப் பின் 2ஆம் நாள்" என்று வரும். இதனால் பாடத்தில் எதுவும் குறையாது. மதிப்பிடும் ஆசிரியருக்கு நாட்காட்டித் தேதி தேவையில்லை. மாத்திரைக்கும் அடுத்த வலிக் கணக்குக்கும் நடுவே 60 நிமிடம் என்பதுதான் தேவை.

மேடை என்பது "படியில் தவறி விழுந்தார்" என்று ஆகும். தொழில்? ஒவ்வொரு விவரத்திடமும், இது பராமரிப்பை மாற்றுமா என்று கேட்டுப் பாருங்கள். நீதிபதி என்பது இவருடைய கேர் பிளானில் எதையும் மாற்றவில்லை, எடுத்துவிடலாம். தனியாக வாழ்கிறார், வீட்டில் மாடிப்படி இருக்கிறது என்பவை வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தையே மாற்றும், அவை இருக்கட்டும். நுரையீரல் நோயாளி கல் உடைப்பவராக இருந்தால் தொழிலையும் வைக்கத்தான் வேண்டும். அப்போது வேறு விவரங்களைக் குறையுங்கள்.

மருத்துவமனை பெயர், வார்டு பெயர், மருத்துவர் பெயர் எதுவும் வேண்டாம். அப்புறம், கோப்பின் பெயரையும் பாருங்கள். உள்ளே எல்லாம் மறைத்துவிட்டு நோயாளி பெயரிலேயே கோப்பைச் சேமித்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். பல போன்களில் படம் தானாகவே கிளவுடில் ஏறிவிடும், போனில் அழித்தாலும் அங்கே கிடக்கலாம். எக்ஸ்ரேயின் ஓரத்தில் பெயர் அச்சாகியிருக்கும். பேனாவால் கறுப்படித்த பெயரை வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். பி.டி.எஃப். கோப்பில் கறுப்புக் கட்டத்தை மேலே வைத்தால், அடியில் உள்ள எழுத்தைப் பலசமயம் அப்படியே நகலெடுத்துவிடலாம். மறைக்காதீர்கள், அந்த வரியை எழுதாமலே விடுங்கள்.

மதிப்பெண் இறுதியாகும் வரை கல்லூரி சொன்னபடி கேர் பிளானை வைத்திருங்கள். அதன் பிறகு மடிக்கணினி, மின்னஞ்சல், பென் டிரைவ், கிளவுட், குப்பைத்தொட்டி ஃபோல்டர் என்று அதன் எல்லா நகல்களையும் தேடி அழியுங்கள். தோழர்களுக்கு மாதிரிக்கு அனுப்பியிருந்தால், அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.