ராத்திரி ரெண்டு சப்பாத்திதான், காலையில் எப்படி 128?

“ராத்திரி ரெண்டு சப்பாத்திதான் டாக்டர். காலையில வெறும் வயித்துல பார்த்தா 128 காட்டுது. சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வருது?” சர்க்கரை கிளினிக்கில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அது கல்லீரலிலிருந்து வருகிறது.

தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதைக் கல்லீரல்தான் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. “போதும், நிறுத்து” என்று சொல்வது இன்சுலினின் வேலை. கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டால் அந்தச் சொல் அங்கே எடுபடாது. விடிய விடிய சர்க்கரை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று ஒரு வரி வந்திருக்கும். எல்லோருக்கும் இருப்பதுதானே என்று மடித்து வைத்துவிடுவார்கள். காலை 128க்கு அந்த வரியில்தான் காரணம் இருக்கலாம்.

கொஞ்சம் எடை குறைந்தாலே பலன் தெரிவதும் இதனால்தான். தொப்பை அப்படியே இருக்கும்போதே கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கிவிடும். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 நோயாளிகள் 11 பேருக்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது, காலைச் சர்க்கரையும் இயல்புக்கு வந்தது. (கண்காணிப்பில் நடந்த ஆய்வு அது. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.)

இதற்கு எத்தனை கிலோ குறைய வேண்டும்? அமெரிக்காவில் 2002இல் வெளியான சர்க்கரைத் தடுப்பு ஆய்வு, சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தது. சுமார் மூன்று ஆண்டுகளில் நோயாக மாறும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையில் கிடைத்தது 31 சதவீதம்.

165 செ.மீ. உயரம், 78 கிலோ எடை, காலைச் சர்க்கரை 116, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 7 சதவீதம் என்றால் அவருக்கு ஐந்தரை கிலோ. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை: அதுவே 160 கலோரி. மதியம் மறுசோறு ஒரு கப், சுமார் 200. சாயங்காலம் ஒரு கைப்பிடி மிக்ஸர், சுமார் 150. இந்த மூன்றை மட்டும் விட்டால் நாளுக்குச் சுமார் 500 கலோரி மிச்சம். கணக்குப்படி வாரம் அரை கிலோ இறங்க வேண்டும். நடைமுறையில் அதைவிட மெதுவாகத்தான் இறங்கும். ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கினால் பூரித்துவிட வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீர். மூன்றாம் மாதம் முள் அசையாமல் நிற்கும். எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. அப்போது சோற்றை இன்னும் வெட்டுவதைவிட, தாளிக்கும் எண்ணெயை ஸ்பூனால் அளந்து பாருங்கள். ஒரு மேசைக்கரண்டியே சுமார் 120 கலோரி. சுண்டல், முட்டை, பருப்பைக் குறைத்துவிட வேண்டாம். அவற்றைக் குறைத்தால் தசை கரையும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் தசைதான். முள் நின்றாலும் முயற்சி வீணாவதில்லை. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் 2006 ஆய்வில் உணவு, நடை மாற்றியவர்களுக்குச் சராசரி எடை பெரிதாக இறங்கவே இல்லை. இருந்தும் நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

பலனைக் காலைச் சர்க்கரையில் சில வாரங்களிலேயே பார்க்கலாம். ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்கு முன் எடுத்து ஏமாற வேண்டாம்.

ஏற்கெனவே டைப் 2 இருப்பவருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை அடங்கும் அளவுக்குப் போக ஐந்து கிலோ பெரும்பாலும் போதாது. பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களில், 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்த நிலையை எட்டினார்கள். 5 முதல் 10 கிலோ குறைத்தவர்களில் எட்டியவர்கள் மூன்றில் ஒருவர்தான். ஆனாலும் அந்த ஐந்து கிலோவில் மாத்திரையின் அளவு குறைய வாய்ப்புண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்து மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால், சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி என்றால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உணவை மாற்றும் முன்பே மருந்தின் அளவை டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

எதையும் குறைக்காமலே பெல்ட் தளர்ந்து, தாகமும் ராத்திரியில் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்துகொண்டால், அது நாம் சொல்லும் எடைக் குறைப்பே அல்ல. சர்க்கரை கட்டுமீறி ஏறி, சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.