மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றால், எதில்?

கொலஸ்ட்ரால் மாத்திரை மாரடைப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்று கேட்டதும், மாத்திரை சாப்பிடும் நூறு பேரில் முப்பத்து மூன்று பேர் தப்பிப்பதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை.

ஃபைசர் நிறுவனம் அமெரிக்காவில் லிப்பிட்டர் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரைக்குத் தந்த விளம்பரத்தில், மாரடைப்பு அபாயம் 36 சதவீதம் குறையும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் இன்னொரு தகவல்: ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, லிப்பிட்டர் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கு.

இரண்டுமே உண்மை. இந்த எண்கள் 2003இல் வெளியான ஆஸ்காட் என்ற ஆய்விலிருந்து வந்தவை. பிரஷர் உள்ள, அதுவரை மாரடைப்பு வராத பத்தாயிரத்துச் சொச்சம் பேரைக் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரித்தார்கள். சுமார் மூன்றேகால் வருஷத்தில் போலி மாத்திரைக் குழுவில் 154 பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது; மருந்துக் குழுவில் 100 பேருக்கு. 154 என்பது 100 ஆனது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குறைவு. இது ஒப்பீட்டுக் குறைப்பு. ஆனால் ஒவ்வொரு குழுவிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த மொத்தத்தோடு பார்த்தால் நூற்றுக்கு 3 என்பது நூற்றுக்கு 2 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இது நிகரக் குறைப்பு. ஏறக்குறைய தொண்ணூற்று சொச்சம் பேர் மூன்றேகால் வருஷம் மாத்திரை சாப்பிட்டால் ஒருவர் தப்பிக்கிறார். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தில் எப்படியும் மாரடைப்பு வந்திருக்காது.

அப்படியானால் மாத்திரையே வீணா? இல்லை. 1994இல் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வைப் பாருங்கள். அதில் இருந்தவர்கள் ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள் அல்லது நெஞ்சுவலிக்காரர்கள். ஐந்து வருஷத்துக்கும் மேலான கண்காணிப்பில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குப் பெரிய இதயப் பாதிப்பு வந்தது. சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேருக்கு. இங்கேயும் ஏறக்குறைய அதே மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தப்பித்தவர்கள் நூற்றுக்கு 9 பேர். கண்காணித்த காலம் கூடுதல் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், அவர்களுடைய ஆரம்ப அபாயமே அதிகம்.

அதனால் விளம்பரத்தின் சதவீதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு எவ்வளவு பலன் என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் வயசு, பிரஷர், சுகர் உள்ள நூறு பேரில், மாத்திரை போடாவிட்டால் பத்து வருஷத்தில் எத்தனை பேருக்கு மாரடைப்பு வரும்? போட்டால் எத்தனை பேருக்கு?" ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கும் கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் விடை ஒன்றாக இருக்காது. அப்புறம், பக்கவிளைவையும் அதே நூறு பேரில் எத்தனை என்றே கேளுங்கள். பலனை ஒப்பீட்டுக் கணக்கிலும் பக்கவிளைவை நிகரக் கணக்கிலும் சொன்னால் பலன் மலையாகவும் பக்கவிளைவு கடுகாகவும் தெரியும். விடை தெரியும்வரை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.