ஏப்ரல்ல ரெண்டே லாரியா? எக்செல் தேதியை எப்படித் திருப்பிப் போடுது

எங்க அபார்ட்மெண்ட் வேளச்சேரி பக்கம். 2024 சம்மர்ல போர்ல தண்ணி இறங்கிடுச்சு, மார்ச் 15ல இருந்து தினம் ஒரு தனியார் லாரி. லாரி வந்ததும் வாட்ச்மேன் அண்ணன் எங்க வாட்ஸ்அப் குரூப்ல LOADனு ஒரு வார்த்தை போட்டுடுவாரு, அதுதான் எங்க கணக்குப் புஸ்தகம். மே 10 அன்னிக்கு ஏப்ரல் பில்லு வந்துச்சு, 31 லோடுனு. ஏப்ரல்ல இருக்கறதே 30 நாள்தானே, செக்ரட்டரி சார் என்னைக் கூப்பிட்டு "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல பாத்து எண்ணிச் சொல்லுப்பா"ன்னாரு.

சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணேன், வந்த .txt ஃபைலை .csvனு பேர் மாத்தி டபுள் கிளிக் பண்ணேன் (இதுதான் நான் பண்ண தப்பு, பின்னாடி சொல்றேன்). LOAD இருக்கற வரிய மட்டும் ஃபில்டர் பண்ணி ஏப்ரல் மாசத்தை டிக் பண்ணா வந்தது ரெண்டே வரி. சார் ஸ்க்ரீனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "அப்ப நாம குளிச்சதெல்லாம் எந்தத் தண்ணில?"னு கேட்டாரு.

ஃபைல்ல ஒரு வரி இப்படித்தான் இருக்கும்:

```
03/04/2024, 9:15 pm - Watchman: LOAD
```

நமக்கு இது ஏப்ரல் 3. ஆனா என் லேப்டாப் ஆபீஸ்ல குடுத்தது, விண்டோஸ்ல ரீஜன் அமெரிக்கானு செட் ஆகியிருக்கு, அங்க மாசம் முதல்ல நாள் அப்புறம். எக்செல் .csv திறக்கும்போது இது எந்த ஊர்த் தேதினு யாரையும் கேக்காது, அந்த ரீஜன் செட்டிங்கைப் பாத்து தானா முடிவு பண்ணிக்கும், அதனால இது மார்ச் 4 ஆயிடுச்சு. ஆனது மட்டுமில்ல, அதை எழுத்தா வெச்சுக்காம நம்பரா மாத்திடும். எக்செலுக்கு தேதின்றது 1900 ஜனவரி 1ஐ 1னு வெச்சு எண்ணிக்கிட்டு வர்ற ஒரு எண்ணு, அவ்ளோதான். (அந்த எண்ணிக்கைல இல்லாத 1900 பிப்ரவரி 29ம் உண்டு, லோட்டஸ் 1-2-3ன்ற பழைய சாஃப்ட்வேரோட ஒத்துப்போகணும்னு அதோட தப்பையும் சேத்தே எடுத்துக்கிட்டாங்க.) ஏப்ரல் 3 வந்திருந்தா செல்லுக்குள்ள 45385 இருந்திருக்கணும், என் ஷீட்ல இருந்தது 45355. முப்பது நாள் பின்னாடி போயிடுச்சு, ஃபைல்ல இருந்த 03/04 இப்ப ஷீட்ல எங்கயும் இல்ல. அதனாலதான் அப்புறமா ஃபார்மட் செல்ஸ்ல போய் எத்தனை தடவை மாத்தினாலும் சரியாகாது, அது 45355ஐ வேற வேற சட்டை போட்டுக் காட்டும், ஆளு அதே ஆளு.

சரி, 13/04/2024 வந்தா? பதிமூணாவது மாசம்னு ஒண்ணு கிடையாதே. எக்செல் அதைத் தொடாம எழுத்தாவே விட்டுடும். ஆக ஏப்ரலோட முப்பது லோடுல 13ல இருந்து 30 வரைக்கும் பதினெட்டு வெறும் எழுத்து, மாசம் வாரியா ஃபில்டர் பண்ணும்போது ஏப்ரலுக்குள்ள வரவே வராது. 1ல இருந்து 12 வரைக்கும் உள்ள பன்னெண்டும் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4னு வரிசையா டிசம்பர் 4 வரைக்கும் சிதறிடுச்சு. அதுல 04/04 மட்டும் எப்படித் திருப்பினாலும் அதேதான், அது ஒண்ணு ஏப்ரல்ல தங்குச்சு. இன்னொண்ணு மே 4ல வந்த லாரி, 04/05ன்றது ஏப்ரல் 5ஆ உள்ள வந்துடுச்சு. அந்த ரெண்டு வரி இவங்க ரெண்டு பேருதான்.

இதுல கொடுமை என்னன்னா தப்பானது சரியா தெரியும், சரியானது கோளாறா தெரியும். மார்ச் 4ஐ அமெரிக்க ஸ்டைல்ல எக்செல் காட்டும்போது 3/4/2024னுதான் காட்டும், ஒரிஜினல்லயும் 03/04/2024, முன்னாடி இருந்த பூஜ்யம் போனதைத் தவிர கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. நான் இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நின்ன 13, 14ஐப் பாத்துதான் "இதுல ஏதோ பிரச்சனை"னு நினைச்சேன், ஆனா கெட்டுப்போகாம இருந்தது அதுங்கதான். எழுத்து இடது பக்கம், நம்பர் வலது பக்கம் நிக்கும், ஒரே காலம்ல ரெண்டும் கலந்து இருந்தா அங்கயே உஷாராயிடணும். சாட் ஃபைல்ல இன்னொரு வசதி, வரிகள் வந்த வரிசைல இருக்கும். நெட் இல்லாம லேட்டா வந்த மெசேஜ் சில சமயம் முன்ன பின்ன நிக்கலாம், ஆனா மே மாசம் உக்காந்துக்கிட்டு டிசம்பர் 4 லோடைப் பாத்தா அதுக்கு மேல சாட்சி வேணுமா?

சரி பண்ண வழி, .csvனு மாத்தாம .txtஆவே விட்டு, எக்செலுக்குள்ள போய் ஓப்பன் கொடுங்க. அப்பதான் இம்போர்ட் விசார்டு வரும். அதுல எழுத்து வகை 65001 UTF-8னு எடுங்க (இல்லன்னா தமிழ் மெசேஜெல்லாம் கொசகொசனு ஆயிடும்), பிரிக்கற குறி எல்லாத்துலயும் டிக்கை எடுத்துட்டு முழு வரியையும் ஒரே காலமா, டைப் Textனு உள்ள கொண்டு வாங்க. அப்புறம் தேதியை நாமளே வெட்டி எடுக்கலாம்:

```
=DATE(MID(A2,7,4),MID(A2,4,2),LEFT(A2,2))
```

வருஷம் எது மாசம் எதுனு நாமளே சொல்லிட்டதால ரீஜன் எதுவா இருந்தாலும் கவலை இல்ல. டைமை இதே மாதிரி எடுக்கப் போனா #VALUE! வந்து நிக்கலாம், ஏன்னா இப்ப வர்ற ஃபைல்ல 9:15க்கும் pmக்கும் நடுவுல இருக்கறது சாதா ஸ்பேஸ் இல்ல, ஒடுக்கமான வேற ஒரு ஸ்பேஸ், யூனிகோட்ல 8239ஆவது எழுத்து. கண்ணுக்குத் தெரியாது. நான் அரை மணி நேரம் ஃபார்முலாவைத் திட்டினேன், பாவம் அது மேல தப்பே இல்ல.

```
=TIMEVALUE(SUBSTITUTE(MID(A2,13,FIND(" - ",A2)-13),UNICHAR(8239)," "))
```

ஒரிஜினல் ஃபைல் போயிடுச்சு, கெட்ட ஷீட்தான் கைல இருக்குன்னாலும் மீட்டுடலாம். நம்பரா இருக்கற செல் எல்லாமே திரும்பினதுதான், எழுத்தா இருக்கறது எதுவும் திரும்பல, அதனால நம்பரை மட்டும் நாளும் மாசமும் மாத்திப் போட்டா போதும்:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

ஒரு தடவைதான் கெட்டிருக்கணும், அது முக்கியம். நடுவுல யாராவது ஒருத்தர் பத்து வரியைக் கையால திருத்தி வெச்சிருந்தா இது அந்தப் பத்தையும் திரும்பக் கெடுத்துடும்.

இப்ப எண்ணினா ஏப்ரலுக்கு முப்பது. பில்லு 31. சார் உடனே லாரிக்காரருக்குப் போன் போடப் போனாரு, நான் மே 1 வரியைப் பாருங்க சார்னேன், 12:40 amக்கு ஒரு LOAD. டிரைவருக்கு அது ஏப்ரல் 30 நைட் ட்ரிப், ஏப்ரல் நோட்டுலயே எழுதிட்டாரு. இதுல ஒரு வேடிக்கை, அந்த ஃபைல்ல டைம் ஜோன் எங்கயும் எழுதியிருக்காது, எக்ஸ்போர்ட் பண்ற போன்ல என்ன ஊர் நேரமோ அந்த நேரம்தான் அச்சாகும். எங்க மூணாவது மாடி ஓனர் துபாய்ல இருக்காரு, அங்க நம்மளை விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அவரு எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பியிருந்தா அதே லோடு ஏப்ரல் 30, 11:10 pmனு வந்திருக்கும், எங்க கணக்கும் 31ஆ இருந்திருக்கும், யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டோம்.