பாக்கெட்டுக்கு ரெண்டு ரூபாய் நிற்கிறதா? முதலில் இதைப் படியுங்கள்

"சேல்ஸ் முப்பதாயிரம் ஏறியிருக்குங்க சார். ஆனா கையில ஒண்ணும் நிக்கல. கணக்குல எங்கயோ தப்பு இருக்குது, நீங்க கொஞ்சம் பாருங்க."

இந்த மாதமும் ஒருவர் வந்து இதைச் சொன்னார். கணக்கில் தப்பே இல்லை. பில் எல்லாம் சரி, வங்கிக் கணக்கும் சரி. விலையைக் குறைக்கும் முன்னால் போட வேண்டிய ஒரே ஒரு வகுத்தலைப் போடவில்லை, அவ்வளவுதான். ஜவுளி, செக்கு எண்ணெய், தண்ணீர் கேன் என்று தொழில்தான் மாறுகிறது, வசனம் மாறுவதில்லை. அதனால் இந்த முறை முழுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் உருண்டையாக்கியிருக்கிறேன்.

தொழில் இட்லி மாவு. கோவைப் பக்கம், ஒரு கிலோ பாக்கெட் மட்டும்தான். பாக்கெட்டில் அச்சடித்த விலை 50 ரூபாய். கடைக்காரருக்கு 10 போக, இவர் கைக்கு வருவது 40. கணக்கில் எடுக்க வேண்டியது அந்த 40-ஐத்தான். 50-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறவர்களும் வருகிறார்கள், அவர்களிடம் பேசவே எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு பாக்கெட் கூடுதலாகப் போட்டால் கூடுதலாக ஆகும் செலவு இது: அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு சேர்த்து 23 ரூபாய், கவர் 1.50, கிரைண்டரும் குளிர்பெட்டியும் இழுக்கும் கரண்ட் 2, விற்காமல் புளித்துத் திரும்பி வரும் பாக்கெட்டுகளுக்கு 1.50. மொத்தம் 28. மாதம் பிறந்தால் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு தனி: வாடகை 12,000, இரண்டு ஆள் சம்பளம் 28,000, டெலிவரி வண்டிக்கு 7,000, கடன் வட்டி 6,000, ரிப்பேர், போன், இதர 4,000, இயந்திரத் தேய்மானம் 3,000. மொத்தம் 60,000.

டெலிவரி வண்டியின் பெட்ரோலை ஏன் இரண்டாவது பட்டியலில் போட்டேன் என்று அவரே கேட்டார். நல்ல கேள்வி. வண்டி தினமும் அதே சுற்றுதான் போகிறது. ஒரு கடையில் பத்துப் பாக்கெட் இறக்கினாலும் பதினைந்து இறக்கினாலும் கிலோமீட்டர் மாறாது. செலவின் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். விற்பனை கூடினால் இது கூடுமா என்று கேட்டுப் பிரியுங்கள்.

இப்போது 40-இல் 28 போக 12. இதுதான் பங்களிப்பு. இது லாபம் அல்ல. வாடகையையும் சம்பளத்தையும் அடைக்க ஒவ்வொரு பாக்கெட்டும் கொண்டுவந்து போடும் பணம். 60,000-ஐ 12-ஆல் வகுத்தால் 5,000 பாக்கெட், அதாவது 2,00,000 ரூபாய் விற்பனை. அதுதான் பிரேக் ஈவன், லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் இடம். அவர் விற்றுக்கொண்டிருந்தது மாதம் 6,000. ஐயாயிரத்துக்கு மேலே உள்ள 1,000 பாக்கெட்டில்தான் லாபம், 12,000 ரூபாய்.

பங்களிப்பு விகிதம் 12-ஐ 40-ஆல் வகுக்க வருவது, 30 சதவீதம். 28-ஆல் வகுத்துவிட்டு "நாற்பத்து மூணு பர்சென்ட் மார்ஜின் சார்" என்று சொல்லாதீர்கள். அந்த 43-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் பிரேக் ஈவன் 1,40,000 என்று வரும், அதாவது 3,500 பாக்கெட். அந்த இடத்தில் நின்று நீங்கள் பெருமூச்சு விடும்போது உண்மையில் 18,000 ரூபாய் நஷ்டத்தில் இருப்பீர்கள்.

இனி எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

"எனக்கு அடக்கம் 38 சார். பாக்கெட்டுக்கு ரெண்டு ரூபாய் நிக்குது." இந்த 38 எங்கிருந்து வந்தது? 28-உடன் 60,000-ஐ 6,000-ஆல் வகுத்த 10-ஐச் சேர்த்தார். 6,000 பாக்கெட் விற்கும் மாதத்துக்கு மட்டும் அது சரி. ஆனால் அவர் மனதில் அது கல்வெட்டாகிவிட்டது. ஒரு மாதம் 4,500 தான் போயிற்று என்று வையுங்கள். "ரெண்டு ரூபாய்" கணக்கில் 9,000 லாபம் வர வேண்டும். உண்மையில் பங்களிப்பு 54,000 தான் வரும், செலவு 60,000, ஆக 6,000 நஷ்டம். வாடகை பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. வீட்டுக்காரர் முதல் தேதி வந்து மொத்தமாகத்தான் கேட்பார். முதல் 5,000 பாக்கெட்டில் ஒரு பைசா லாபம் கிடையாது, 5,001-ஆவது பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றிலும் 12 ரூபாய் லாபம். எந்தப் பாக்கெட்டிலும் ரெண்டு ரூபாய் நிற்பதில்லை. நிற்கவே நிற்பதில்லை!

இதே 38 இவரை இன்னொரு பக்கமும் கடித்தது. பக்கத்தில் ஒரு விடுதி, இரண்டு வாரத்துக்குள் 800 பாக்கெட், விலை 34, விற்காத பாக்கெட்டைத் திருப்பித் தரும் பேச்சே கிடையாது என்று கேட்டார்கள். "அடக்கமே 38, நான் எப்படிங்க 34-க்குக் கொடுக்கறது" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வராத சரக்கு என்பதால் அதற்கு ஆகும் கூடுதல் செலவு 26.50 தான். பாக்கெட்டுக்கு 7.50 வீதம் 6,000 ரூபாய் வாசலோடு போயிற்று. அவர் கிரைண்டரில் நாளொன்றுக்கு 260 பாக்கெட் வரை ஆகும், ஓடுவது 200 தான், அதனால் இடமும் இருந்தது. (வழக்கமான கடைகளுக்கு இந்த விலை தெரியாமல் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். தெரிந்தால் எல்லோரும் 34 கேட்பார்கள்.)

சரி, விற்பனை ஏறியும் பணம் ஏன் நிற்கவில்லை? புதிதாக வந்த டிஸ்ட்ரிபியூட்டர், "பத்து பர்சென்ட் குறைச்சுக் குடுங்க, சேல்ஸைக் கால்வாசி ஏத்திக் காட்டறேன்" என்றாராம். எல்லாக் கடைக்கும் 36 ஆக்கினார்கள். அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், விற்பனை 6,000-இலிருந்து 7,500 ஆயிற்று. விற்றுமுதல் 2,40,000-இலிருந்து 2,70,000.

பத்து கொடுத்து இருபத்தைந்து வாங்கியது நல்ல பேரம் போலத்தான் தெரிகிறது. ஆனால் விலையில் குறைத்த 4 ரூபாய் அரிசியிலிருந்தோ கவரிலிருந்தோ குறையவில்லை. முழுக்கப் பங்களிப்பிலிருந்து போயிற்று. 12 என்பது 8 ஆயிற்று. விலையில் பத்து சதவீதம், பங்களிப்பில் மூன்றில் ஒரு பங்கு. 60,000-ஐ 8-ஆல் வகுத்தால் பிரேக் ஈவன் 7,500. அவர் விற்றதும் 7,500. லாபம் பூஜ்யம். கணக்கில் தப்பு இல்லை என்று சொன்னேன் அல்லவா?

பழைய 12,000 லாபம் வேண்டுமானால் 72,000-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும், 9,000 பாக்கெட். விற்பனை ஒன்றரை மடங்கு. அதற்கு நாளொன்றுக்கு 300 பாக்கெட் அரைக்க வேண்டும், கிரைண்டர் நேரம் போதாது. மூன்றாவதாக ஓர் ஆள் வைத்து இரவிலும் ஓட்டினால் 14,000 கூடும், இலக்கு 10,750 பாக்கெட்டுக்கு ஓடிவிடும். பிரேக் ஈவன் கணக்கு நேர்கோடு போல நீண்டுகொண்டே போகாது, இயந்திரமும் ஆளும் நிரம்பும் இடத்தில் செலவு படியேறும். இன்னொன்றும் இருக்கிறது. மாதம் 9,000 பாக்கெட் 36 வீதம் என்றால் ஆண்டு விற்றுமுதல் 38.88 லட்சம். சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம். லாபம் கூடாமலே அந்த வாசலில் போய் நிற்பார்.

பாதுகாப்பு விளிம்பு, அதாவது விற்பனை எவ்வளவு விழுந்தால் பிரேக் ஈவனைத் தொடும் என்பது, அதைப் பற்றி யாருமே கேட்பதில்லை, எனக்கோ முதலில் பார்க்கத் தோன்றுவது அதுதான். பழைய நிலையில் 6,000-இல் 5,000 போக 1,000, அதாவது 16.7 சதவீதம். விற்பனை ஆறில் ஒரு பங்கு விழுந்தால் லாபம் தீர்ந்தது. அதற்கு முன்பே வலிக்கும்: விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் 600 பாக்கெட், 7,200 ரூபாய், லாபத்தில் அறுபது சதவீதம். ஒன்றை விளிம்பால் வகுத்தால் 6 வருகிறதே, விற்பனையின் ஆட்டம் லாபத்தில் அந்த ஆறு மடங்காகத் தெரியும். மழை விடாமல் பெய்யும் வாரத்தில் கடைக்கு ஆள் வராமல் மாவு திரும்பினால் இவர் ஏன் தூங்குவதில்லை என்று இப்போது புரியும்.

இந்த விளிம்பு விற்பனை விழுவதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். உளுந்து விலை ஏறி பாக்கெட்டுக்கு 2 ரூபாய் கூடினால், ஒரு பாக்கெட்கூடக் குறையாமலே பங்களிப்பு 10, விகிதம் 25 சதவீதம், பிரேக் ஈவன் 6,000 ஆகிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை எனக்காகப் போடும் கணக்காக இதை வைக்காதீர்கள். உளுந்து மூட்டை வாங்கும் ஒவ்வொரு முறையும் 28-ஐத் திருத்துங்கள். வங்கிக் கடனுக்குப் போட்ட திட்ட அறிக்கையில் பிரேக் ஈவன் என்று ஒரு வரி இருக்கும், அதை நம்பவே நம்பாதீர்கள். அது கடன் வாங்குவதற்காக எழுதியது, பல சமயம் வேறு யாருடைய அறிக்கையிலிருந்தோ வந்தது.

இன்னொரு கெஞ்சல். அந்த 60,000-இல் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அரிசி களையும் கணவனுக்கும் மனைவிக்கும் சம்பளமே இல்லை. இருவருக்கும் சேர்த்து 20,000 வைத்தால்கூட பழைய 40 ரூபாய் விலையிலேயே 6,667 பாக்கெட் விற்க வேண்டும். அதாவது விலை குறைக்கும் முன்பும் இவர்கள் பிரேக் ஈவனைத் தொடவில்லை. கடன் அசலும் இந்தக் கணக்கில் வராது, அது செலவு அல்ல. ஆனால் பணமாகத்தான் போகும். அதற்கான தொகையை லாபத்திலிருந்தும் தேய்மானமாக எழுதிய 3,000-இலிருந்தும்தான் எடுக்க வேண்டும்.

விலையை மறுபடி ஏற்றினால் கடைகள் போய்விடுமே என்று பயந்தார். அதையும் வகுத்தே பார்த்தோம். இப்போது 7,500 விற்று லாபம் பூஜ்யம். 40-க்குப் போனால் 5,000-லேயே அதே பூஜ்யம். ஆக 2,500 பாக்கெட், மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் போனால்கூட இன்றைய நிலையைவிட மோசமாகாது. அதற்குக் குறைவாக எவ்வளவு போனாலும் மிச்சமாகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 12 ரூபாய். ஒரேயடியாக ஏற்ற மனம் வராவிட்டால் 38-இல் நிறுத்தலாம்; 7,500 அப்படியே நின்றால் 15,000 லாபம், 6,000-க்குக் கீழே இறங்கினால் நஷ்டம். டிஸ்ட்ரிபியூட்டரிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டிப் பேசச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கூடவே, தள்ளுபடி கேட்டால் அவர் புதிதாகப் பிடிக்கும் கடைகளுக்கு மட்டும் கொடுங்கள், ஏற்கனவே 40 கொடுத்துக்கொண்டிருந்த 6,000 பாக்கெட்டின் விலையைத் தொடாதீர்கள் என்றும் சொன்னேன்.